நெல் விற்ற காசில் கையில் மிஞ்சியது எவ்வளவு?

காலபோகத்தில் ஒரு ஏக்கரில் 25 மூடை. மூடை 72 கிலோ. ஈரநெல்லாகவே முதலாளியின் ஸ்டோருக்கு ஏற்றினேன், கிலோ 100 ரூபாய். செலவு 89,000. லாபம் 91,000 என்று எழுதலாமா? (கண்டாவளை)

எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய துண்டைப் பாருங்கள்: மூடை 72 கிலோ நிறுத்தும் 70 என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சாக்குக்கும் ஈரத்துக்குமாம். 25 மூடையில் அது 50 கிலோ, அதாவது 5,000 ரூபாய். தரகு கிலோவுக்கு ஒரு ரூபாய், 1,750தான். எல்லோரும் தரகைத் திட்டுகிறோம், தராசில் போனது அதைப்போல மூன்று மடங்கு! ஏற்றுகூலி 1,250, லொறி 3,750. கையில் வந்தது 168,250.

செலவிலும் ஓட்டை இருக்கிறது. உழவு, பசளை, மருந்து, வெட்டுமெஷின், கூலியாள் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், விதைநெல்லைக் காணோம். வீட்டு நெல் என்றாலும் அந்த 50 கிலோவை விதைக்கு விற்றிருந்தால் 150 ரூபாய்ப்படி 7,500 வந்திருக்கும். ஆக செலவு 96,500, மிச்சம் 71,750. நீங்களும் மனைவியும் வரம்பு கட்டி, பசளை எறிந்து, தண்ணி பார்த்த 10 ஆள்நாளுக்கு 2,500 வீதம் கழித்தால் 46,750. உண்மையான லாபம் அதுதான். வயல் குத்தகை என்றால் இன்னும் இறங்கும்.

பசளை மானியத்தை வரவில் சேர்க்கலாமா? (நெடுங்கேணி)

சேர்க்கலாம், தனி வரியில். 2024/25 காலபோகத்தில் ஹெக்டேருக்கு 25,000, ஏக்கருக்குச் சுமார் 10,000. மானியத்தைக் கழித்து, பசளைக் கடையில் கடனுக்கு எடுத்த விலையைக் குறைத்து எழுதினால் அடுத்த போகத்துக் கணக்கே பிழையாகிவிடும்.

காயவைத்து விற்றால் லாபமா? (முழங்காவில்)

கண்டாவளைக்காரரின் 1,800 கிலோவையே எடுப்போம். ஈரப்பதன் 20 வீதம் என்று வையுங்கள். 14 வீதத்துக்குக் காய்ந்தால் 1,674 கிலோவாகும், 126 கிலோ நீராகப் போய்விடும். ஈரமாக விற்றபோது தராசும் தரகும் போக வந்தது 173,250. காயவைக்க, தூற்ற, திரும்பக் கட்ட 8,000 என்றால், தராசுக் கழிவும் தரகும் இல்லாமல் காய்ந்த நெல் கிலோவுக்கு 108 ரூபாய்க்கு மேல் கிடைத்தால்தான் ஈரமாக விற்றதைவிட மிச்சம். ஏற்றுகூலியும் லொறியும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசு அறிவித்த விலை 120. அந்த விலைக்குக் கொடுக்க முடிந்திருந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 19,600 கூட வந்திருக்கும். ஆனால் ஈரம் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது, பதரும் அதிகம் இருக்கக்கூடாது. பதர் கூடினால் தூற்றும்போது நிறை இன்னும் குறையும், அதையும் கழியுங்கள். தார் வீதியில் பரப்பினால் கல் சேரும். படங்கில் பரப்பி, வெயில் ஏறியபின் அடிக்கடி கிளறுங்கள். நாலு நாள் வெயில் நம்பிக்கை இல்லையென்றால், அல்லது கடைக்காரர் கடனுக்கு வாசலில் நின்றால், 100 ரூபாய்க்கே கொடுத்துவிடுங்கள். நனைந்து முளைவிட்ட நெல்லுக்கு அந்த விலையும் வராது.