உச்சியில் நிற்கும் பந்துக்கு முடுக்கம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போ முடுக்கமும் பூஜ்ஜியம்தானே?

இல்லை. முடுக்கம் என்பது வேகம் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது.

வேலூர் கோட்டை மைதானத்தில் நின்று ஒரு கிரிக்கெட் பந்தை நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், காற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். சரியாக 2 நொடியில் உச்சி. அதற்கு 0.1 நொடி முன்னால் பந்து 0.98 வேகத்தில் மேலே போகிறது, 0.1 நொடி கழித்து அதே 0.98 வேகத்தில் கீழே வருகிறது. திசையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 0.2 நொடியில் மாற்றம் 1.96, வகுத்தால் 9.8. இந்த இடைவெளியை எவ்வளவு சுருக்கினாலும் அதே 9.8தான் வரும், கீழ்நோக்கி.

உச்சியில் முடுக்கமும் பூஜ்ஜியமாகி அப்படியே நீடித்தால், பந்து அந்தரத்திலேயே தொங்கும். பூமி இழுப்பதை ஒரு கணமும் விடுவதில்லை, அதனால்தான் திரும்பி வருகிறது.

அப்புறம் காற்றைச் சேர்த்தால் இன்னும் அழகு: காற்றின் தடை வேகத்தைப் பொறுத்தது, உச்சியில் வேகமே இல்லாததால் தடையும் இல்லை, ஆக அங்கேதான் முடுக்கம் சுத்தமாக 9.8.