ரிமோட்டில் இருக்கும் நாலு வண்ணப் பட்டன்கள்

டிவி ரிமோட்டில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்னு நாலு பட்டன் இருக்கே, எதை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. அது எதுக்கு?

அந்த நாலுக்கும் சொந்தமாக வேலை கிடையாது. அந்த நேரத்தில் திரையில் என்ன ஓடுகிறதோ, அதுதான் அவற்றுக்கு வேலை கொடுக்கிறது. யாரும் கொடுக்கவில்லை என்றால் நாள் முழுக்க அழுத்தினாலும் டிவி கண்டுகொள்ளாது. செட்டாப் பாக்ஸ் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இவை பிறந்தது டெலிடெக்ஸ்ட் காலத்தில். 1974-ல் பிபிசி சீஃபாக்ஸ் என்ற சேவையைத் தொடங்கியது. படத்துக்குள் வராத சில வரிகளில் செய்திப் பக்கங்களை எழுத்தாக ஏற்றி, சிக்னலோடு அனுப்புவார்கள். பார்ப்பவர் மூன்று இலக்கப் பக்க எண்ணை அழுத்த வேண்டும். சிக்கல் என்னவென்றால், டிவி பக்கத்தைக் கேட்டு வாங்க முடியாது. எல்லாப் பக்கங்களும் வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், நமக்கு வேண்டியது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் நொடிக்கு 50 முறை, ஒவ்வொரு முறையும் 2 வரி என்ற கணக்கில் அனுப்பினார்கள். 24 வரி கொண்ட ஒரு பக்கத்துக்குக் கால் நொடி. நூறு பக்கம் சுற்றிவர ஏறக்குறைய 24 நொடி. பக்கம் அப்போதுதான் கடந்து போயிருந்தால் அத்தனை நொடியும் எண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

1980-களில் வந்த ஃபாஸ்டெக்ஸ்ட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு பக்கத்தோடும், கண்ணுக்குத் தெரியாமல், அடுத்து போகக்கூடிய பக்கங்களின் எண்களும் சேர்ந்து வரும். திரையின் அடிவரியில் நாலு நிறத்தில் நாலு தலைப்பு தெரியும். சிவப்பில் 'விளையாட்டு' என்று இருந்தால் சிவப்பை அழுத்தினால் போதும், எண் தேவையில்லை. நினைவகம் உள்ள டிவிகள், நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாலு பக்கங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்தியதும் பக்கம் பளிச்சென்று வரும். நீலப் பட்டனுக்குரிய தலைப்பு மட்டும் வெளிர்நீலத்தில் இருக்கும், கறுப்புப் பின்னணியில் அசல் நீலத்தைப் படிக்க முடியாது.

டிஜிட்டல் ஒளிபரப்பு வந்ததும் பட்டன்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன, வேலைதான் மாறியது. ஜெர்மனி போன்ற நாடுகளில் இப்போது HbbTV என்ற முறை இருக்கிறது. சேனலின் படம், ஒலியோடு ஒரு சின்னத் தகவல் அட்டவணையும் வருகிறது. அதில் ஓர் இணைய முகவரி இருக்கும். சேனலை மாற்றியதும் டிவி அந்த முகவரியைத் திறந்து, படத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு வலைப்பக்கத்தை விரித்து வைக்கிறது. அந்தப் பக்கம் முதலில் காட்டுவது, மூலையில் சில நொடி தெரிந்து மறையும் ஒரு சிவப்புக் குறியைத்தான். அந்த நேரத்தில் அது டிவியிடம் கேட்டு வாங்குவதும் ஒரே ஒரு பட்டனைத்தான்:

```
keyset.setValue(keyset.RED);
```

அதனால் அப்போது பச்சையை அழுத்தினால் அந்தப் பக்கத்துக்குச் செய்தியே போகாது. சிவப்பை அழுத்தி முழு மெனு திறந்த பிறகுதான் மற்ற மூன்றையும் அது கேட்டு வாங்கும். அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்பது அந்தந்தச் சேனலின் இஷ்டம். ஒரு சேனலில் பழைய நிகழ்ச்சிகளைத் திறக்கும் பச்சை, அடுத்த சேனலிலும் அதையே செய்யும் என்று நம்ப வேண்டாம். (ஜப்பான் ரிமோட்டில் வரிசையே வேறு: நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள்.)

சரி, உங்கள் வீட்டில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? பெரும்பாலும் நீங்கள் அழுத்துவது டிவியின் ரிமோட்டை, சேனலைக் கொண்டுவருவதோ டிடிஎச் அல்லது கேபிள் பாக்ஸ். பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாக டிவிக்கு வருவது படமும் ஒலியும் மட்டுமே. நான் சொன்ன தகவல் அட்டவணை பாக்ஸோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்: ஆன்டெனா வயரை டிவியிலேயே செருகினால் சிவப்புக் குறி வரும், இடையில் HbbTV இல்லாத பாக்ஸை வைத்தால் காணாமல் போய்விடும். நேரடி வயர் இருந்தும் வரவில்லை என்றால், டிவி இணையத்தில் இணைந்திருக்கிறதா, செட்டிங்ஸில் HbbTV அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம்மூர் பாக்ஸில் அந்த நிறங்களின் வேலையைப் பாக்ஸின் மென்பொருள்தான் வைத்திருக்கிறது. அதனால் பாக்ஸின் ரிமோட்டை எடுத்து, சேனல் பட்டியலையோ நிகழ்ச்சி அட்டவணையையோ திறந்து, திரையின் அடியைப் பாருங்கள். நிறப் புள்ளிகளும் பக்கத்தில் எழுத்தும் இருந்தால் அந்தத் திரையில் மட்டும் பட்டன்கள் வேலை செய்யும். டிவி ரிமோட்டிலும் அப்படித்தான்: சேனல்களை வரிசை மாற்றும் திரையிலோ பென் டிரைவ் மெனுவிலோ போனால், அதுவரை சும்மா கிடந்த மஞ்சளுக்கு ஒரு வேலை வந்திருக்கலாம். புள்ளி எதுவும் தெரியாத திரையில் அழுத்திப் பார்த்து ரிமோட் கெட்டுவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள்.