வாசலில் ஓர் எண், மின் அட்டையில் ஓர் எண்: ஒப்பந்தத்தில் எதை எழுதுவது?

கேள்வி: சென்னையில் ஒரு ஃபிளாட்டில் ஐந்து மாதமாகக் குடியிருக்கிறோம். முன்பணம் ஒன்றரை லட்சம் கொடுத்தாயிற்று. வாடகை ஒப்பந்தத்துக்கு முழு முகவரியை உறுதி செய்யும்படி துபாயில் இருக்கும் உரிமையாளருக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். "வாசலில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். வாசலில் 1பி, மின் கட்டண அட்டையில் எஃப்2. மோட்டார் பழுது, பெயின்ட் எதையும் கவனிப்பதில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: மோட்டாரையும் பெயின்ட்டையும் விடுங்கள். ஐந்து மாதமாக எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் இருக்கிறீர்கள். அதுதான் விஷயம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். எழுதத் தவறியதையே காரணம் காட்டி உங்களைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் மனுப் போட 21-வது பிரிவு இடம் தருகிறது. முகவரி தராமல் இழுத்தடிப்பவர் அவர்தான். ஆனால் இழுக்க இழுக்க ஆபத்து உங்களுக்கு.

அதற்காக வாசலில் உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அப்படித்தான் செய்தார். ஒரே தளத்தில் இரண்டு ஃபிளாட்டுகள், இரண்டும் ஒரே உரிமையாளருடையவை. பலகையில் இருந்த எண்ணை ஒப்பந்தத்தில் எழுதினார்கள். கிரையப் பத்திரத்தில் அந்த எண் எதிர்வீட்டுக்கு உரியது. குடியிருந்த வீடு விற்கப்பட்டதும் புதிய உரிமையாளர், "உங்கள் ஒப்பந்தம் என் வீட்டுக்கு இல்லையே" என்றார். பழையவரோ முன்பணத்தைப் புதியவரிடம் கேட்கச் சொன்னார். எந்த வீட்டுக்குக் கொடுத்த பணம் என்று நிரூபிப்பதிலேயே காலம் போனது. கடைசியில் பாதிப் பணத்துக்குச் சமரசமாகி வெளியேறினார்.

ஆகவே மூன்றாவது மின்னஞ்சலை, அவர் தட்டிக்கழிக்க முடியாதபடி எழுதுங்கள்:

"கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ளபடி ஃபிளாட் எண், தளம், பழைய மற்றும் புதிய கதவு எண் ஆகியவற்றை எழுதி அனுப்பவும். வாசலில் 1பி என்றும் மின் அட்டையில் எஃப்2 என்றும் குறிக்கப்பட்ட, நான் இப்போது குடியிருக்கும் வீடு இதுவே என்பதையும், முன்பணம் ரூ.1,50,000 இதற்காகப் பெற்றதே என்பதையும் உறுதி செய்யவும்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் உயிர். அவர் "ஆம்" என்று பதில் போட்டாலே குடியிருப்பும் முன்பணமும் அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மின்னஞ்சலை அழிக்கிறவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள். மூல மின்னஞ்சல் கணக்கிலேயே இருக்கட்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அவர் தரும் எண்ணும் உரிமையாளர் பெயரும் அதோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். ஒப்பந்தத்தில் பத்திரத்தில் உள்ள எண்ணோடு, "மின் அட்டையில் எஃப்2, வாசலில் 1பி" என அந்த இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

வழக்கு வேண்டாம். மோட்டார் செலவை இப்போதைக்கு நீங்களே ஏற்றுக்கொண்டு ரசீதை வைத்திருங்கள். அந்தச் செலவைப் பற்றிய பேச்சை ஒப்பந்தத்துக்குப் பதிவெண் கிடைத்த பிறகு எடுங்கள்.