தீபாவளிக்கு முறுக்கு மாவு: தேதி தவறாமல் கடைக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: அரை கிலோ முறுக்கு மாவு பாக்கெட் 300 போட்டு, இந்த 2026 தீபாவளிக்கு மதுரையில் நாலைந்து கடைகளிலும் தெரிந்தவர்களிடமும் விற்க நினைக்கிறோம். நான், வீட்டுக்காரர், தங்கை மூன்று பேர்தான். போன வருஷமும் ஆரம்பித்தோம். ஸ்டிக்கர் வருவதற்குள் தீபாவளியே முடிந்துவிட்டது. இந்த முறை எப்படித் திட்டம் போடுவது?
— வாசகி, மதுரை

பதில்: தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஆனால் உங்கள் கெடு அதுவல்ல. பெரும்பாலான வீடுகளில் முந்தைய சனி, ஞாயிறிலேயே முறுக்கு பிழிந்துவிடுவார்கள். அதற்கு மாவு வாங்குவது இன்னும் ஒரு வாரம் முன்னால். அதனால் அக்டோபர் 22, வியாழன் அன்று பாக்கெட் கடை அலமாரியில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இடையில் அக்டோபர் 19, 20 ஆயுத பூஜையும் விஜயதசமியும். அச்சகமும் மாவு மில்லும் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பூட்டிவிடும், முழு வேகத்துக்குத் திரும்ப இன்னும் ஓரிரு நாள் ஆகும். ஆகவே வெளியாள் கையில் இருக்கும் எந்த வேலையும் அக்டோபர் 15-ஐத் தாண்டக் கூடாது.

ஸ்டிக்கர் தாமதத்துக்கு அச்சகம் மட்டுமே காரணமாக இருப்பது அபூர்வம். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் இல்லாமல் ஸ்டிக்கரை முடிக்க முடியாது. foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பித்தால், நேரில் ஆய்வு தேவையில்லை என்றால் ஏழு நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆய்வு என்றால் முப்பது நாள் வரை போகலாம். முப்பது என்றே கணக்குப் போடுங்கள். எண் வரும்வரை, விற்பனைக்கான அரிசி, உளுந்துக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். "நாங்க பார்த்துக்குறோம்" என்று எழுதிய வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள். பெயருக்குரியவரே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றில்லை. முடிந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சமையலறைக் கதவில் ஒட்ட இப்படி ஒரு தாள் போதும்:

- ஆகஸ்ட் 31, திங்கள் – பதிவுக்கு விண்ணப்பம். வீட்டுக்காரர். விண்ணப்ப எண் கையில் இருந்தால் முடிந்தது.
- செப்டம்பர் 12, சனி – சோதனை மாவு 5 கிலோ, ஐந்து வீடுகளுக்கு. நீங்கள்.
- செப்டம்பர் 21, திங்கள் – ஸ்டிக்கர் வடிவம், பதிவு எண் தவிர எல்லாம் தயார். தங்கை.
- செப்டம்பர் 30, புதன் – பதிவு எண் வந்ததா? வீட்டுக்காரர்.
- அக்டோபர் 1, வியாழன் – ஸ்டிக்கர் அச்சுக்கு. தங்கை. அதே நாள் அரிசி, உளுந்து, பை வாங்குவது. வீட்டுக்காரர்.
- அக்டோபர் 3 முதல் 8 வரை – அரிசி கழுவி உலர்த்தி, உளுந்து வறுத்து, அரைப்பது. நீங்கள்.
- அக்டோபர் 9, வெள்ளி – ஸ்டிக்கர் வீட்டில். தங்கை.
- அக்டோபர் 10 முதல் 14 வரை – எடை போட்டு, பையில் போட்டு, ஒட்டுவது. தங்கை.
- அக்டோபர் 22, வியாழன் – கடைகளுக்கு. வீட்டுக்காரர்.

14-க்கும் 22-க்கும் நடுவே உள்ள நாட்கள் வேண்டுமென்றே விட்டவை. வேலைக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்தால் அது அந்தந்த வேலையிலேயே கரைந்துவிடும். மொத்தமாகக் கடைசியில் வைத்தால்தான் எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

ஐந்து வீட்டுச் சோதனையை வெறும் ருசி பார்ப்பதாக நினைக்காதீர்கள். பாக்கெட்டின் மேல் என்ன எழுதப் போகிறீர்களோ அதை மட்டும் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நிற்காமல், அவர்களே பிசைந்து பிழியட்டும். உளுந்து மாவு கொரகொரப்பாக இருந்தால் முறுக்கு எண்ணெயில் வெடிக்கும், தண்ணீர் அளவு சரியாக எழுதாவிட்டால் பிழியும்போதே அறுந்து விழும். எள்ளைக் கலவையில் சேர்க்காமல், வீட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரைபட்ட எள் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும்.

நாலுக்கு ஒன்று என்ற அளவில் 150 கிலோ மாவுக்கு அரிசி 120, உளுந்து 30 கிலோ. அரைவையிலும் சலிப்பதிலும் கொஞ்சம் போகும், அதனால் 125-ம் 32-ம் வாங்குங்கள். மதுரையில் அக்டோபர் மாலைகளில் மழை சகஜம், மொட்டை மாடியை நம்ப முடியாது. ஒரு தடவைக்கு 40 கிலோ மட்டும் கழுவி, வீட்டுக்குள் துணி விரித்து மின்விசிறியில் உலர்த்துங்கள். மில்லில் முதல் ஆளாக நில்லுங்கள்; மிளகாய்க்கோ மஞ்சளுக்கோ பின்னால் அரைத்தால் நிறமும் வாடையும் ஏறும். முதலில் விழும் இரண்டு கிலோவைத் தனியாக எடுத்துவிடுங்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும். பரப்பி முழுக்க ஆறிய பிறகே சலித்துப் பையில் போட வேண்டும். முதலில் பத்து பை மட்டும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் பனி போல ஈரம் படிந்திருந்தால் மாவு இன்னும் ஆறவில்லை அல்லது உலரவில்லை. அந்த மாவு கட்டி கட்டிப் பூசணம் பிடிக்கும்.

அச்சடித்த பைக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் கேட்பார்கள், 300-க்கு வெற்றுப் பையும் ஸ்டிக்கரும்தான் கட்டுப்படியாகும். தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழ் கூடுதலாக வரலாம். கூட்டுப் பெருங்காயம் சேர்த்தால் அதன் டப்பாவைப் படியுங்கள். பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அப்படியென்றால் ஒவ்வாமைக் குறிப்பில் கோதுமையைச் சொல்லியாக வேண்டும். விலை, தயாரித்த தேதி, பேட்ச் எண் மூன்றுக்கும் வெற்றிடம் விட்டு, பிறகு முத்திரை குத்துங்கள். "தீபாவளி ஸ்பெஷல்" என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள். ஏன் என்பது கீழே.

தவறினால் என்ன செய்வது என்பதை அன்றைக்கு யோசிக்காமல் இப்போதே எழுதி வையுங்கள். செப்டம்பர் 30 மாலை வரை எண் வரவில்லை என்றால் தீபாவளியை விட்டுவிட்டுப் பொங்கலுக்குத் தள்ளுங்கள். எண் இல்லாமல் விற்பதற்குக் குறுக்குவழி கிடையாது. போனது சோதனை மாவுச் செலவு மட்டும், ஸ்டிக்கர் வடிவம் அப்படியே உதவும்.

அக்டோபர் 9-ல் ஸ்டிக்கர் வரவில்லையா? அச்சகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல், அதே விவரங்களைக் கறுப்பு வெள்ளையில், ஒரு ஏ4 ஸ்டிக்கர் தாளில் நான்காக, ஜெராக்ஸ் கடையில் எடுத்துவிடுங்கள். 75 தாள் போதும், சேதத்துக்கு ஐந்து கூடுதல். அழகு குறையும், விவரம் குறையாது. இதற்கான கோப்பைத் தங்கை 21-ஆம் தேதியே சேர்த்துச் செய்து வைக்க வேண்டும்.

மழையோ மில்லோ மாவைத் தாமதப்படுத்தி, அக்டோபர் 12 திங்கள் இரவு 75 கிலோவுக்குக் குறைவாகவே கையில் இருந்தால் கடைகளை விட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டால் அடுத்த முறை இடம் கொடுப்பார்; 22-ஆம் தேதி சொன்னால் கொடுக்க மாட்டார். இருக்கும் மாவைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் விற்கலாம். அரைத்து முடித்த மாவுக்கு மட்டுமே முன்பணம் வாங்குங்கள்.

எப்படியானாலும் அக்டோபர் 27-க்குப் பிறகு புதிதாக அரைக்க வேண்டாம். கடைசி வாரத்தில் ஆர்டர் குவிவது போலத் தோன்றும், நவம்பர் 9-ஆம் தேதி அதே மாவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மிஞ்சிய பாக்கெட்டில் தீபாவளி என்று எழுதாமல் இருந்தால், மாவு காலாவதியாகும் தேதிக்குள் கார்த்திகைக்கு விற்றுவிடலாம்.