பம்ப் டெஸ்டில் அலாரம் அடித்தால் போதுமா?

"அண்ணாச்சி, கங்கைகொண்டான்ல கழிவுநீர் தொட்டிக்குள்ள இறங்கணும். கேஸ் மீட்டருக்கு சிலிண்டர் வாயுவைக் கொஞ்சம் காட்டிப் பார்க்கிற பம்ப் டெஸ்ட்ல அலாரம் அடிச்சுது. ஆனா சிலிண்டர்ல H2S விஷவாயு 25 ppm, மீட்டர் 16-தான் காட்டுது. இறங்கலாமா, கேலிபரேஷன் பண்ணணுமா?"

இறங்காதீங்க தம்பி. அலாரம் அடிச்சதுன்னா வாயு சென்சாருக்குப் போகுது, ஹாரன் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். அளவு சரியான்னு அது சொல்லாது. உங்க மீட்டர் 25-க்கு 16 காட்டுது. அதே கணக்குல தொட்டிக்குள்ள 15 ppm இருந்தா 9.6-தான் காட்டும். அலாரம் 10-ல வச்சிருந்தா அடிக்கவே அடிக்காது.

உடனே கேலிபரேஷன் பட்டனை அமுக்கிராதீங்க. சிலிண்டர்ல காலாவதி தேதியைப் பாருங்க. H2S நாளாக நாளாகக் குறையும். டியூப் மீட்டரோட வந்ததுதானா? கடையில வாங்கின சாதா ரப்பர் டியூப் H2S-ஐ உறிஞ்சிக்கும். எங்க ஆளு ஒருத்தர் மீன்தொட்டி டியூபைச் சொருகிட்டு அரைநாள் மீட்டரைத் திட்டினாரு. சென்சார் மேல உள்ள ஃபில்டர்ல சேறு அடைச்சிருக்கான்னும் பாருங்க.

எல்லாம் சரின்னா முழு கேலிபரேஷன். முதல்ல ஜீரோ. தொட்டி வாயில நின்னு பண்ணாதீங்க. அங்க இருக்கிற வாயுவையே பூஜ்ஜியம்னு எடுத்துக்கிடும். காத்து வர்ற பக்கமாத் தள்ளிப் போய்ப் பண்ணுங்க. அப்புறம் ஸ்பான், அதாவது சிலிண்டர் வாயுவைக் கொடுத்து அளவைச் சரிபண்றது: மீட்டர்ல பதிஞ்சிருக்கிற எண்ணும் சிலிண்டர் லேபிள்ல உள்ள எண்ணும் ஒண்ணா இருக்கணும். முடிச்சதும் திரும்ப ஒரு பம்ப் டெஸ்ட். இப்ப 25-ஐ ஒட்டி நிக்கணும். கேலிபரேஷன் ஃபெயில்னு வந்தா சென்சார் போச்சு. வேற மீட்டர் வர்ற வரைக்கும் மூடியைத் திறக்காதீங்க.