பேக்கமன் பிளிட்ஸ்: இரண்டு தனிக்காய்களையும் வெட்டுவதா, ஒன்றோடு நிறுத்துவதா?

கேள்வி: எதிராளியின் ஒரு காய் வெட்டுப்பட்டு பாரில் இருக்கிறது. என் ஹோம் போர்டிலேயே அவருடைய தனிக்காய்கள் இன்னும் இரண்டு நிற்கின்றன. இரண்டையும் வெட்டத்தான் கை போகிறது. ஆனால் வெட்டினால் பல தடவை திருப்பி வெட்டுப்பட்டு, கையிலிருந்த ஆட்டம் போய்விடுகிறது. எப்போது இரண்டையும் வெட்டுவது, எப்போது ஒன்றோடு நிறுத்துவது?

பதில்:

ஹோம் போர்டில் எதிராளியின் தனிக்காய்களை அடுத்தடுத்து வெட்டித் தாக்குவதுதான் பிளிட்ஸ். அதை ஆடும்போது நாம் பயப்பட வேண்டியது திருப்பி வெட்டுப்படுவதற்கு அல்ல, ஆங்கருக்குத்தான். உங்கள் ஹோம் போர்டில் ஒரே பாயின்ட்டில் அவருடைய இரண்டு காய்கள் சேர்ந்துவிட்டால் அதுதான் ஆங்கர், அந்த இடத்தை நீங்கள் தொட முடியாது. பாரிலிருந்து வரும் அவருடைய காய்களுக்கும் அதுவே நிரந்தர வாசல். அங்கே நிற்கும் தனிக்காய் ஒவ்வொன்றும் பாதி ஆங்கர். பாரில் இருக்கும் காய் அதே எண்ணில் இறங்கினால் மறுபாதியும் வந்துவிடும். இதை மனதில் வைத்து ஒரு நிலையைப் பார்ப்போம்.

உங்கள் காய்கள் 24-ம் பாயின்ட்டில் 2, 13-ல் 2, 9-ல் 1, 8-ல் 3, 6-ல் 3, 3-ல் 2, 1-ல் 2. ஹோம் போர்டில் 6, 3, 1 ஆகிய மூன்று பாயின்ட்கள் கட்டியிருக்கின்றன. 5, 4, 2 திறந்திருக்கின்றன. எதிராளிக்கு பாரில் ஒரு காய், உங்கள் 5-லும் 2-லும் ஒவ்வொரு தனிக்காய். அவருடைய ஹோம் போர்டில் 6-ம் பாயின்ட் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. பலகையை எடுத்து அடுக்கிவைத்துக்கொண்டு படித்தால் எளிது.

முதலில் 4-3 விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 6-லிருந்து 2-க்கும், 3-ஐ 8-லிருந்து 5-க்கும் ஆடினால் இரண்டு தனிக்காய்களும் வெட்டுப்படும். அவருக்கு பாரில் மூன்று காய்கள். பார்க்க அமர்க்களமாக இருக்கும். ஆனால் 5-லும் 2-லும் இப்போது நிற்பவை உங்கள் தனிக்காய்கள். இரண்டு பகடைகளின் 36 வீச்சுகளில் 20-ல் அவருக்கு ஒரு 5-ஓ 2-ஓ கிடைக்கும், அதாவது பாதிக்கு மேல்.

அதே 4-3-ஐ 9-லிருந்து 5, 8-லிருந்து 5 என்று ஆடிப்பாருங்கள். 5-ல் நின்ற காய் வெட்டுப்படுகிறது, அதன் தலைமேலேயே பாயின்ட்டும் கட்டப்படுகிறது. 6, 5, 3, 1 என்று நான்கு பாயின்ட்கள் மூடிவிட்டன. பலகை முழுவதிலும் உங்களுக்கு ஒரு தனிக்காய்கூட இல்லை, ஆகவே அவர் வெட்ட எதுவும் இல்லை. பாரில் அவருக்கு இரண்டு காய்கள். 36-ல் 16 தடவை இரண்டுமே உள்ளே வராது. 8 தடவை ஒன்று மட்டும் 4-ல் இறங்கித் தனியே நிற்கும். மீதி 12 தடவைதான் ஆங்கர் கிடைக்கும்: 2 கொண்ட 11 வீச்சுகள், அவற்றோடு 4-4. அந்தப் 12-ல் 11 ஆழத்தில் இருக்கும் 2-ம் பாயின்ட் ஆங்கர். அவருக்கு அது பெரிய சொத்து இல்லை.

இங்கே யோசிக்கவே தேவையில்லை. காயின் தலைமேல் பாயின்ட் கட்ட முடிந்தால், அதுவும் உயரமான பாயின்ட்டாக இருந்தால், அதை ஆடுங்கள். ஏற்கெனவே இரண்டு காய்கள் பாரில் இருப்பவருக்கு, டபுள்ஸ் விழாதவரை, முழு வீச்சும் உள்ளே வருவதற்கே போய்விடுகிறது. மூன்றாவது காயை அனுப்பி அவரிடமிருந்து பறிக்க அவர் கையில் வேறு நகர்வு ஏது?

எந்தத் தனிக்காயின் மேல் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். 6-4 விழுந்தால் 8-லிருந்தும் 6-லிருந்தும் 2-ம் பாயின்ட்டைக் கட்டலாம். கணக்கு முன்போலவேதான்: 16 தடவை வெளியே, 8 தடவை ஒன்று தனியே, 12 தடவை ஆங்கர். ஆனால் இம்முறை அந்தப் பன்னிரண்டில் 11 தடவை அவர் பிடிப்பது உங்கள் 5-ம் பாயின்ட். தற்காப்புக்கு அதைவிட நல்ல இடம் அவருக்கு இல்லை. அதனால்தான் 6-4-க்கு, 9-லிருந்து 5, 8-லிருந்து 2 என்று இரண்டையும் வெட்டுவதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 4-3-க்கு அந்த அவசியமே எழவில்லை.

இனி உங்கள் கேள்வியின் நெஞ்சுக்கு வருவோம். 6-3 விழுந்தால் தலைமேல் பாயின்ட் கட்ட வழியில்லை. இரண்டு ஆட்டங்கள்தான் மிஞ்சுகின்றன.

ஒன்று, அடக்கமானது: 3-ஐ 8-லிருந்து 5-க்கு ஆடி அந்தக் காயை மட்டும் வெட்டுவது, 6-ஐ 13-லிருந்து 7-க்கு ஆடி அடுத்த தாக்குதலுக்குக் காய் சேர்ப்பது. மற்றது, 8-லிருந்து 5-க்கும் 8-லிருந்து 2-க்கும் ஆடி இரண்டையும் வெட்டுவது. இரண்டாவதில் 9, 8, 5, 2 என்று நான்கு இடங்களில் உங்கள் காய்கள் தனித்தனியே நிற்கும். பலரும் இதைப் பார்த்துத்தான் பின்வாங்குகிறார்கள்.

அடக்கமான ஆட்டத்தில் அவருக்கு நல்ல வீச்சுகள் எத்தனை? 5 விழுந்தால் உங்களை வெட்டுகிறார். 2 விழுந்தால் ஆங்கர். இவை சேர்ந்து 20, அவற்றோடு 4-4, ஆக 21. இரண்டையும் வெட்டினால்? 5-ஓ 2-ஓ விழுந்தால் வெட்டுகிறார், அது 20. 4-4 விழுந்தால் ஆங்கர், நான்காவது 4-ல் உங்கள் 8-ல் நிற்கும் காயும் வெட்டுப்படும், ஆக அங்கேயும் 21. எண்ணிக்கையில் துளி வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் அந்த 21-க்குள்ளே இருக்கிறது. அடக்கமான ஆட்டத்தில் 13 வீச்சுகள் ஆங்கரில் முடிகின்றன: 2 கொண்ட பதினொன்றும், 4-4, 5-5-ம். ஆங்கர் வந்தால் பிளிட்ஸ் அங்கேயே முடிந்தது. இரண்டையும் வெட்டினாலோ, மூன்று காய்கள் பாரில் இருப்பதால், ஒரே பாயின்ட்டில் இரண்டு காய்கள் இறங்க டபுள்ஸ்தான் விழ வேண்டும். 5-5, 4-4, 2-2 என்று மூன்றே வீச்சுகள். மற்ற வீச்சுகளில் அவர் வெட்டினாலும், இன்னும் ஒன்றோ இரண்டோ காய்கள் பாரில் மாட்டியிருக்கும், வெட்டிய காயும் தனியாகவே நிற்கும். அதாவது 13 ஆங்கரை 3 ஆக்குகிறீர்கள். அதற்கு விலையாக வெட்டுப்படும் வாய்ப்பு 11-லிருந்து 21 ஆகிறது.

அந்த விலை எவ்வளவு என்பதைச் சொல்வது அவருடைய ஹோம் போர்டு. அவருக்கு 5-1 விழுந்து, 5-ல் இருந்த உங்கள் காயை வெட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 1 உள்ளே வராது, இன்னும் இரண்டு காய்கள் பாரில். உங்கள் காய் ஒன்றும் பாரில். நீங்கள் ஒரு பகடையில் உள்ளே வந்து, மறு பகடையில் 5-ல் நிற்பவரை வெட்ட வேண்டும்: 6-லிருந்து 1, 8-லிருந்து 3, 9-லிருந்து 4. அவருடைய 6-ம் பாயின்ட் மட்டும் மூடியிருக்கும் இந்த நிலையில் 36-ல் 22 வீச்சுகள் உங்களுக்கு வேலை செய்கின்றன. 2-2-ம் அதில் அடக்கம்: ஒரு 2-ல் உள்ளே வந்து, 9-லிருந்து இரண்டு 2-களில் 5-க்குப் போய்விடலாம். வெட்டுப்பட்ட பிறகும் பாதிக்கு மேல் தாக்குதல் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே 6-3-க்கு இரண்டையும் வெட்டுங்கள்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவருடைய 6, 5, 4 மூன்றும் மூடியிருக்கின்றன. அதே 5-1-க்குப் பிறகு உங்களைக் காப்பாற்றும் வீச்சுகள் 22-லிருந்து 15 ஆகச் சுருங்கிவிடும். 36-ல் 9 தடவை உங்கள் காய் உள்ளேயே வராது. அந்தப் பொழுதில் அவர் பாரிலிருக்கும் காய்களை இறக்கி, 9-லும் 8-லும் 2-லும் தனியே நிற்கும் உங்கள் காய்களை வேட்டையாடத் தொடங்குவார். ஆட்டம் கையைவிட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டு பேர் பலகையையும் பார்க்காமல், தன் தாக்குதலை மட்டுமே பார்த்து வெட்டுவதால் வருவது. அவர் மூன்று பாயின்ட்கள் கட்டியிருந்தால் 5-ல் நிற்பவரை மட்டும் வெட்டி, 2-ம் பாயின்ட் ஆங்கரைச் சகித்துக்கொள்ளலாம்.

வெட்டுமுன் பார்க்க வேண்டியது இன்னொன்று: படை போதுமா? உங்கள் ஹோம் போர்டிலும் அதை ஒட்டிய வெளிப்பலகையிலும் சேர்த்து 10 காய்களாவது இருக்க வேண்டும் என்பது ஆட்டக்காரர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு. மேலே சொன்ன நிலையில் 11 இருக்கின்றன. எட்டு காய்களை வைத்துக்கொண்டு இரண்டு தனிக்காய்களையும் வெட்டினால், அடுத்த கையில் அவர் உள்ளே வராமல் நின்றாலும், வெட்டிய இடங்களை மூட உங்களிடம் காய் இருக்காது. காய்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதும் அதே கேடுதான். 9, 8, 7 என்று பரவியிருந்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு எண்ணில் 5-ஐ மூடும். 8-லேயே மூன்று நின்றால் அவை மூன்றுக்கும் தேவை அதே 3.

அவர் உள்ளே வராமல் நின்ற அடுத்த கையில், முதல் வேலை வெட்டிய இடத்தை மூடுவது. 6-3 ஆடிய பிறகு 5-ஐ மூட 1, 3, 4 உதவும். 2-ஐ மூட 6-ம் 4-ம். ஒன்றைத்தான் மூட முடியும் என்றால் 5-ஐ மூடுங்கள். புதிதாக வேறு யாரையும் தேடிப் போக வேண்டாம்; வெட்ட அங்கே அவர் காயே இல்லை.

அவருக்கு ஆங்கர் கிடைத்துவிட்டால், அந்தக் கணத்திலேயே திட்டத்தை மாற்றுங்கள். ஆங்கரில் இல்லாத மூன்றாவது காய் இன்னும் பாரிலோ தனியாகவோதான் இருக்கும். இனி குறி அந்த ஒரு காய்தான். அதைப் பிடிக்க 13-ல் இருப்பவற்றைக் கீழே கொண்டுவந்து, 8, 7, 6, 5 என்று ஆங்கருக்கு முன்னால் தொடர்ச்சியாகச் சுவர் எழுப்புங்கள். ஆங்கருக்குப் பின்னால் 1-ம் பாயின்ட்டில் இன்னொரு காயை இறக்குவது அந்தச் சுவருக்கு வேண்டிய காயை வீணாக்குவதில் முடியும்.