குடித்த தண்ணீரை அல்ல, கழித்த சிறுநீரை அளந்து பாருங்கள்

ஒருமுறை சிறுநீரகக் கல் வந்து போனது. தினமும் 3 லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், போதுமா? உப்பையும் குறைக்க வேண்டுமா? வலி வந்தால் எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

3 லிட்டர் போதுமா என்பதைச் சிறுநீர்தான் சொல்லும். ஒரு நாளில் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் கழிய வேண்டும். விடுமுறை நாளொன்றில் காலையில் முதல்முறை கழிப்பதை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் முதல்முறை கழிப்பது வரை அளவுக் குவளையில் பிடித்துக் கூட்டிப் பாருங்கள். 1.6 லிட்டர்தான் தேறியது என்றால் மீதி பெரும்பாலும் வியர்வையில் போயிருக்கிறது; இன்னும் ஒரு லிட்டர் கூட்டிக் குடியுங்கள். அதில் ஒரு தம்ளர் படுக்கும் முன் இருக்கட்டும், இரவில்தான் சிறுநீர் கெட்டிப்படும். இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமானவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

உப்பைக் கட்டாயம் குறையுங்கள். சிறுநீரில் சோடியம் கூடினால் கால்சியமும் சேர்ந்து வெளியேறும். பெரும்பாலான கற்கள் கால்சியத்தால் ஆனவை. ஒரு நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, ஊறுகாயும் நொறுக்குத் தீனியும் உட்பட. பயந்துபோய்ப் பாலை நிறுத்துபவர்கள் பலர், அது தவறு. கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற பொருளை, சிறுநீருக்குப் போகவிடாமல் உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது.

விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலியோடு காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரில் கிருமி பெருகினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீர் அறவே வராவிட்டாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும், மாத்திரைக்கு வலி அடங்காவிட்டாலும் உடனே கிளம்புங்கள். ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வலி தொடங்கியதுமே போக வேண்டும்.